கூட்டு அமைப்புகளுக்குப் போகும் பணம் நம் கணக்கில் எப்படி வருகிறது?

பெண்கள் கல்வி, தையல் பயிற்சித் திட்டத்துக்கு நம் அறக்கட்டளைக்கு 9,46,000 ரூபாய் மானியம் ஒப்புதலானதைச் சென்ற இதழில் அறிவித்திருந்தோம். "அவ்வளவு பணமும் நம் மஹல்லாவில் செலவாகிறதா? அப்படித் தெரியவில்லையே" என்று சிலர் கேட்டார்கள். அமானிதப் பணத்தைப் பற்றி ஜமாஅத்தார் கேட்கத்தான் வேண்டும். அந்தத் தொகை எப்படி அமைந்தது என்பதை இங்கே விளக்குகிறோம்.

மானியம் நம் பெயரில் வந்தாலும் வேலையை மூன்று அமைப்புகள் செய்கின்றன. தையல் பயிற்சியைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் சங்கமும், மாலை வகுப்புகளை இன்னொரு சிறிய அறக்கட்டளையும் நடத்துகின்றன. கல்வி உதவித்தொகையும் ஒருங்கிணைப்பும் நம் பொறுப்பு. மற்ற இருவருக்கும் நம் வழியாகப் போவது துணை மானியம். கடையில் தையல் இயந்திரம் வாங்குவது போன்றதல்ல இது. கடைக்காரர் பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வதோடு சரி. கூட்டு அமைப்போ திட்டத்தின் ஒரு பகுதியையே பொறுப்பேற்று நடத்துகிறது. அதனால் அவர்கள் தனி பட்ஜெட் தர வேண்டும்.

பெண்கள் சங்கத்தின் பட்ஜெட்டைப் பாருங்கள். ஆசிரியைக்கு மாதம் 12,000 வீதம் பத்து மாதத்துக்கு 1,20,000 ரூபாய். ஆறு இயந்திரங்களுக்கு 72,000, வாடகை 40,000, துணி, நூல் முதலியவற்றுக்கு 28,000. ஆக நேரடிச் செலவு 2,60,000. மின்கட்டணம், கணக்கர், அலுவலகம் ஆகியவற்றுக்கு அதில் பத்து சதவீதம், 26,000. மொத்தம் 2,86,000. இதே முறையில் மாலை வகுப்புகளுக்கு நேரடிச் செலவு 2,00,000, நிர்வாகம் 20,000, மொத்தம் 2,20,000.

இந்த இரண்டு மொத்தமும் நம் பட்ஜெட்டில் தலைக்கு ஒரே ஒரு வரியாக வருகின்றன. அவர்களுடைய ஆசிரியை சம்பளத்தை நம் சம்பளத் தலைப்பில் சேர்ப்பதில்லை. சேர்த்துவிட்டு அவர்களின் மொத்தத்தையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கூட்டு அமைப்பின் தாளில் கடைசி வரியும் நம் தாளில் அவர்களுக்கான வரியும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அவர்கள் வாடகையை மாற்றினால் நம் தாளும் அன்றே மாற வேண்டும். பழைய தொகை நம்மிடமும் புதிய தொகை அவர்களிடமும் இருப்பதுதான் வழக்கமாக வரும் வம்பு.

அடுத்தது நம் நிர்வாகச் செலவு. நம் நேரடிச் செலவு 4,00,000. நம்முடைய நேரடிச் செலவில் மட்டும் பத்து சதவீதம் எடுக்கலாம் என்பது நன்கொடையாளரின் நிபந்தனை. அதன்படி 40,000. நம் 4,40,000, சங்கத்தின் 2,86,000, மாலை வகுப்புகளின் 2,20,000 சேர்ந்தால் 9,46,000. இதுவே நீங்கள் பார்த்த தொகை.

கூட்டு அமைப்புகளின் தொகையையும் சேர்த்து 9,06,000-க்குப் பத்து சதவீதம் போட்டிருந்தால் நமக்கு 90,600 கிடைத்திருக்கும். அது சரியல்ல. அவர்களின் 46,000 ரூபாய் நிர்வாகச் செலவின் மேலும் நாம் நிர்வாகச் செலவு வாங்கியதாக ஆகும். ஆனால் ஒப்பந்தம் எழுதுவது, நேரில் போய்ப் பார்ப்பது, ரசீதுகளைச் சரிபார்ப்பது என்று நமக்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்க அரசின் மானிய விதி இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துணை மானியத்திலும் முதல் 25,000 டாலரை மட்டும் கணக்கில் எடுத்து நிர்வாகச் சதவீதம் போடலாம் என்றிருந்தது. 2024 திருத்தத்தில் அதை 50,000 டாலராக உயர்த்தினார்கள். நியாயமான ஏற்பாடு என்றே நமக்குப் படுகிறது. நம் நன்கொடையாளர் அதற்கு இடம் தரவில்லை, அவ்வளவுதான்.

இது உள்நாட்டுப் பணம் என்பதால்தான் இப்படிப் பகிர முடிகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020 சட்டத் திருத்தம் முற்றிலும் தடுத்துவிட்டது. உள்நாட்டிலும், பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்கு நன்கொடை கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் 85 சதவீதமே அறப்பணிச் செலவாக ஏற்கப்படும் என்று 2023 நிதிச் சட்டம் சொல்கிறது. எனவே துணை மானியத்தை எந்த வகையில் எழுதுவது என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்ட பிறகே ஒப்பந்தம் போடுகிறோம். ஜகாத் கணக்கு இதில் சேராது, அது எப்போதும் தனி.

இந்த இதழின் வரவு செலவுப் பக்கத்தில் "பெண்கள் சங்கம், முன்பணம் 1,00,000" என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். பணம் நம் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் இன்னும் செலவு என்று எழுதவில்லை. சங்கம் ரசீதுகளோடு செலவுக் கணக்கு தந்து, நாம் அதைச் சரிபார்த்த பிறகே அது செலவுப் பக்கத்துக்கு மாறும். அதுவரை அடுத்த தவணை போகாது. மீதம் இருந்தால் நமக்குத் திரும்பி, நம் வழியாக நன்கொடையாளரிடம் போகும். மூன்று பட்ஜெட் தாள்களும் அலுவலகத்தில் இருக்கின்றன. அஸருக்குப் பிறகு யார் வந்தாலும் பார்க்கலாம்.