பி.எஃப். பாஸ்புக்: குறுக்கே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல்

வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக் பெரும்பாலும் ஒரு படமாகத்தான் கைக்கு வந்து சேர்கிறது. இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தைத் திறந்து செல்போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். இல்லையென்றால் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்டை யாரோ போட்டோ பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்து மாதாமாதம் தொழிலாளி பங்கு எவ்வளவு, கம்பெனி பங்கு எவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டியிருக்கும். வங்கிக் கடனுக்கோ வேலை மாறும்போது பழைய கணக்கைச் சரிபார்க்கவோ இந்தப் பட்டியல் தேவைப்படும். மங்கலான படத்தில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இந்தப் பாஸ்புக்கின் அமைப்பிலேயே, தப்பாகப் படித்த எண்ணைக் காட்டிக்கொடுக்கும் வழி இருக்கிறது.

முதலில் ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். இடது ஓரத்தில் சம்பள மாதம், அடுத்து பணம் வரவான தேதி, பிறகு வரவா பற்றா என்பதைச் சொல்லும் CR அல்லது DR. அதற்கு அடுத்த விவரப் பகுதியில் இப்படி இருக்கும்:

```
Cont. For Due-Month 072023
```

இந்த வரி ஜூலை மாதச் சம்பளத்துக்கானது அல்ல, ஜூன் மாதச் சம்பளத்துக்கானது. ஜூன் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கம்பெனி ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும் என்பதால் அதை ஜூலை பாக்கி என்று குறிக்கிறார்கள். பட்டியலில் சம்பள மாதத்தைத்தான் எழுத வேண்டும். படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் இந்த 072023-ஐப் பார்த்து ஒரு மாதம் பின்னே போனால் போதும்.

விவரத்தைத் தாண்டினால் பி.எஃப். சம்பளம், பென்ஷன் சம்பளம் என்று இரண்டு கட்டங்கள். அதற்கும் வலப்புறம் பணம்: தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன். Employee, Employer என்ற இரண்டு தலைப்புகளும் மங்கலான படத்தில் ஒரே மாதிரி தெரியும். இரண்டில் பெரிய தொகை இருப்பது தொழிலாளி பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. காரணம் பங்குபிரிப்பில் இருக்கிறது. தொழிலாளியிடம் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே 12 சதவீதம் போடுகிறது. ஆனால் அதில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடுகிறது. பென்ஷன் கணக்கிடும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் உச்சவரம்பு. ஆகவே பென்ஷன் கட்டத்தில் 1,250-க்கு மேல் சாதாரணமாக வராது. மிச்சம் இருப்பதுதான் கம்பெனி பங்கு என்ற கட்டத்தில் விழுகிறது. “கம்பெனி ஏன் என் பங்கில் பாதிகூடப் போடவில்லை?” என்று எச்.ஆரிடம் சண்டைக்குப் போகும் முன் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஒரு தொழிலாளியின் 2023-24 பாஸ்புக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கணக்கு முறை நடப்பில் உள்ளதுதான். அவருடைய பி.எஃப். சம்பளம் 13,600. ஜூனில் ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததால் அந்த மாதம் 10,880. செப்டம்பரில் இன்கிரிமென்ட் வந்து 15,800 ஆனது.

எழுத உட்காரும்போது தொகைகளைத் தொடுவதற்கு முன்னால் பன்னிரண்டு மாதப் பெயர்களையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். படத்தில் உள்ளதை அப்படியே மேலிருந்து கீழே இறக்கினால், நடுவில் ஒரு மாதம் கட்டப்படாமலே போயிருப்பது கண்ணில் படாது. மாதங்களை முதலில் எழுதிவிட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். பணம் பிடித்ததாகப் பே ஸ்லிப் சொல்லியும் பாஸ்புக்கில் அந்த மாதம் இல்லையென்றால், அதுதான் உடனே விசாரிக்க வேண்டிய விஷயம். தாமதமாகக் கட்டியிருக்கவும் கூடும் என்பதால் அடுத்த வருடத்துப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

| சம்பள மாதம் | சம்பளம் | தொழிலாளி | கம்பெனி | பென்ஷன் |
|---|---|---|---|---|
| மார்ச் 2023 | 13,600 | 1,632 | 499 | 1,133 |
| ஏப்ரல் | 13,600 | 1,632 | 499 | 1,133 |
| மே | 13,600 | 1,632 | 499 | 1,133 |
| ஜூன் | 10,880 | 1,306 | 400 | 906 |
| ஜூலை | 13,600 | 1,632 | 499 | 1,133 |
| ஆகஸ்ட் | 13,600 | 1,632 | 499 | 1,133 |
| செப்டம்பர் | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| அக்டோபர் | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| நவம்பர் | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| டிசம்பர் | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| ஜனவரி 2024 | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| பிப்ரவரி | 15,800 | 1,896 | 646 | 1,250 |
| மொத்தம் | | 20,842 | 6,771 | 14,071 |

ஜூன் வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 12-லிருந்து 8.33 போனால் 3.67, 10,880-இல் 3.67 சதவீதம் என்பது 399 ரூபாய் 30 காசு. அப்படியானால் 399 என்றல்லவா இருக்க வேண்டும்? பாஸ்புக்கில் 400 இருக்கும். கம்பெனி பங்கைத் தனியாகச் சதவீதம் போட்டுக் கணக்கிடுவதில்லை. முதலில் 12 சதவீதத்தை முழு ரூபாயாக்குகிறார்கள்: 1,305.60 என்பது 1,306 ஆகிறது. பென்ஷனையும் முழு ரூபாயாக்குகிறார்கள்: 906.30 என்பது 906. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து வருவதுதான் கம்பெனி பங்கு. அதனால் கம்பெனி பங்கும் பென்ஷனும் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் தொழிலாளி பங்குக்குச் சமமாக வந்தே தீரும். நமக்குக் கிடைக்கும் குறுக்குக் கூட்டல் இதுதான். ஸ்கிரீன்ஷாட்டில் வலது ஓரத்துப் பென்ஷன் கட்டம் வெட்டுப்பட்டிருந்தாலும் கழித்துப் பார்த்து அதை மீட்டுவிடலாம்.

கீழ்நோக்கிய கூட்டலுக்குப் பாஸ்புக்கே விடை தருகிறது. மாத வரிகள் முடிந்ததும் Total Contributions for the year என்று ஒரு வரி வரும். நாம் எழுதிய ஒவ்வொரு கட்டத்தின் கூட்டலும் அதோடு பொருந்த வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன். நவம்பர் வரியில் 646-ஐ 546 என்று படித்துவிட்டோம் என்று வையுங்கள். குறுக்கே கூட்டினால் 1,796 வருகிறது. தொழிலாளி பங்கோ 1,896. நவம்பரில் கோளாறு என்பது தெரிகிறது, மூன்றில் எந்த எண் என்பது தெரியவில்லை. கீழே கூட்டினால் கம்பெனி பங்கு 6,671 வருகிறது. அச்சில் இருப்பது 6,771. மற்ற இரண்டு கட்டங்களும் சரியாக இருக்கின்றன. ஆக, நவம்பர் வரியும் கம்பெனிக் கட்டமும் சந்திக்கும் இடத்தில்தான் தப்பு. முழுப் படத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை; அந்த ஓர் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்றும் பார்க்கலாம். 1,896-ஐ 1,986 என்று எழுதினால் வித்தியாசம் 90. இலக்கங்கள் இடம் மாறும்போதெல்லாம் இப்படித்தான் வரும்; கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகக் கையாளும் தந்திரம் இது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுபவர்கள் மேலே உள்ள ஐந்து கட்டங்களையும் A முதல் E வரை வைத்துக்கொண்டால் இரண்டு சூத்திரங்கள் போதும். இரண்டும் 0 காட்ட வேண்டும்:

```
=C2-D2-E2
=ROUND(B2*12%,0)-C2
```

இந்தச் சோதனைகளுக்கும் பிடிபடாத தப்பு ஒன்று உண்டு. ஜூன் வரியை ஜூலையிலும் ஜூலை வரியை ஜூனிலும் மாற்றி எழுதிவிட்டால் குறுக்கேயும் கீழேயும் எல்லாம் சரியாகவே வரும். போட்டோவில் வரிகள் வளைந்திருக்கும்போது இது சுலபமாக நடக்கும். பிரிண்ட் கையில் இருந்தால் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் படிப்பதே இதற்கு மருந்து.

சிலருடைய பாஸ்புக்கில் குறுக்குக் கூட்டல் எந்த மாதமும் பொருந்தாது. தொழிலாளி விருப்பத்தின்பேரில் 12 சதவீதத்துக்கு மேல் கட்டினால், அல்லது முழுச் சம்பளத்துக்கும் அவர் கட்ட கம்பெனி 15,000-க்கு மட்டும் கணக்கிட்டால், தொழிலாளி பங்கு கூடுதலாகத்தான் நிற்கும். 25,000 சம்பளக்காரர் 3,000 கட்டுவார். கம்பெனி பங்கு 550, பென்ஷன் 1,250 என்று இருக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் கட்டம் பூஜ்ஜியம். 58 வயது கடந்தவருக்கும் அப்படியே. இவர்களுக்குக் கம்பெனியின் பங்கு முழுவதும் பி.எஃப்.பிலேயே சேரும். இது விதியா, நம் வாசிப்புப் பிழையா என்று பிரித்தறிவது சிரமமில்லை. விதியானால் எல்லா வரியிலும் ஒரே விதமாக இருக்கும். பிழையானால் ஏதோ ஒரு வரியில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மாத வரிகளின் நடுவிலும் ஓரத்திலும் பங்களிப்பே அல்லாத தொகைகளும் உண்டு. OB என்று தொடங்குவது போன வருடத்து இருப்பு. Transfer என்பது பழைய கம்பெனிக் கணக்கிலிருந்து மொத்தமாக வந்த பணம். Claim என்பது எடுத்த பணம். Int. என்பது வட்டி, 2023-24-க்கு அது 8.25 சதவீதம். மாதாமாத இருப்பின்மேல் கணக்கிட்டாலும் ஒரே வரியாகத்தான் வரும். இவற்றில் எதையும் பங்களிப்புக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. பட்டியலில் பெரிய எண் வந்து விழுவதற்குப் பெரும்பாலும் OB வரியை மார்ச் மாத வரி என்று நினைத்ததே காரணமாக இருக்கும்.

கடைசியாக வருட எல்லை. பட்டியல் மார்ச் 2023-இல் தொடங்கி பிப்ரவரி 2024-இல் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். மார்ச் சம்பளத்தின் பணம் ஏப்ரலில் கட்டப்படுவதால் பாஸ்புக்கின் வருடம் இப்படி ஒரு மாதம் நகர்ந்திருக்கிறது. பே ஸ்லிப்புகளைக் கூட்டுபவர் ஏப்ரல் முதல் மார்ச் வரை கூட்டுவார். படிவம் 16-இலும் அந்தக் கணக்கே. நம் தொழிலாளிக்கு மார்ச் 2023-இன் 1,632-ஐ நீக்கி மார்ச் 2024-இன் 1,896-ஐச் சேர்த்தால் 21,106 வரும். பாஸ்புக் சொல்வது 20,842. இடையில் உள்ள 264 ரூபாயை யாரும் விழுங்கிவிடவில்லை. மார்ச் 2024 வரி 2024-25 பாஸ்புக்கின் முதல் வரியாக, `Due-Month 042024` என்ற குறிப்போடு இருக்கும்.