பேரிலேயே சொல்லிவிட்டோம்!

2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினது பலருக்கு ஞாபகமிருக்கும். அதற்கப்புறம், வாடை அடித்தால் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள எங்க ஏரியா பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்-அப் குழு ஆரம்பித்தோம். 'எண்ணூர் சகோதரிகள்' என்று ஆசையாகப் பேர் வைத்தது நான்தான்.

புதுசாகச் சேர்ந்தவர்கள் காலை வணக்கம், நைட்டி விற்பனை, வரன் தேவை என்று போட ஆரம்பித்தார்கள். ஒரு ராத்திரி பின்தெருப் பெண் 'வாடை வருது' என்று போட்டது கோலப் படங்களுக்கு நடுவில் புதைந்துவிட்டது. காலையில்தான் பார்த்தோம். கோபம் வந்தது. ஆனால் 'சகோதரிகள்' என்ற பேரைப் பார்த்து வந்தவர்களை எப்படிக் குறை சொல்வது?

'கேஸ் தகவல்' என்று மாற்றினேன். மறுநாளே ஒரு அக்கா, "சிலிண்டர் வண்டி எப்போ வரும்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பிறகு பேர் வைக்கும்முன், குழுவில் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவிடம் பேரை மட்டும் சொல்லி, "இதில் என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன். 'கம்பெனி வாடை அவசரம் – எண்ணூர்' என்றதும் சரியாகச் சொன்னார். போன் பட்டியலில் பேரின் முன்பாதிதான் தெரிகிறது. அதனால் ஊர்ப் பேர் கடைசியில்.

அடுத்தது, பேருக்குக் கீழே வரும் விவரம். முதலில் பதினான்கு 'கூடாது' எழுதினேன். முதல் சில வரிதான் கண்ணில் படும், மீதி தொட்டால்தான் விரியும் என்று அப்போது தெரியாது. என்ன போடக்கூடாது என்று படித்தவர்களுக்கும் என்ன போடணும் என்று புரியவில்லை. இப்போது இவ்வளவுதான்:

'வாடை வந்தால் மட்டும் எழுதவும். எந்தத் தெரு, மணி, என்ன மாதிரி வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து. உதாரணம்: கோயில் தெரு, 10.15, மூக்கைத் துளைக்குது, வடக்கிலிருந்து. மூச்சு திணறினால் இங்கே எழுதிக் காத்திருக்காமல் 108. மற்ற பேச்சுக்கு 'எண்ணூர் சகோதரிகள் அரட்டை' குழு.'

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நைட்டி வியாபாரம் திரும்ப இங்கேதான் வந்திருக்கும். அவர்களுக்கும் ஒரு இடம் வேணுமில்லையா?

ஒருநாள் யாரோ வீட்டுப் பையன் விளையாட்டாகப் பேரையே மாற்றிவிட்டான். அதனால் பேரையும் விவரத்தையும் அட்மின் மட்டும் மாற்றும்படி செட்டிங்கில் வைத்துவிட்டோம். படிக்கத் தெரியாத பெரியம்மாக்கள் சேர்ந்தால் விவரத்தை நான் குரலில் பேசி அனுப்புகிறேன். எழுத்து அவர்களுக்கு உதவாதே.

போன மாசம் திருவொற்றியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதுப்பெண் குழுவில் சேர்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவள் போட்ட முதல் செய்தி: 'பள்ளிக்கூடத் தெரு, 9.40, அழுகின முட்டை வாடை, காற்று கடல் பக்கமிருந்து.'

– ஒரு வாசகி, எண்ணூர்