முனையத்தில் ஐந்து நிமிடம், பணிமனையில் ஓர் இரவு

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தைச் சுற்றி ஓடும் பேருந்துகளுக்கு இரவு ஓய்வு என்று தனியாகக் கிடையாது. விமானப் பயணிகளுக்காக ஏறக்குறைய 24 மணி நேரமும் சேவை நடக்கிறது. 2018-இல் அங்கே 18 மீட்டர் நீளமுள்ள 100 மின்சாரப் பேருந்துகள் இறங்கின. இரவு பணிமனையில் நிறுத்தி, காலையில் முழு சார்ஜோடு எடுத்துச் செல்லும் வழக்கமான ஏற்பாடு மட்டும் அவற்றுக்குப் போதாது. அதனால் வழித்தடத்தின் முனையங்களிலேயே சார்ஜ் ஏற்ற முடிவானது.

ஒவ்வொரு பேருந்திலும் இருப்பது 169 யூனிட் கொள்ளும் பேட்டரி. இந்த நீளத்துப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியை அடியோடு காலி செய்யக் கூடாது, ஓரளவு மீதி வைக்க வேண்டும் என்பதால் நம்பிப் போகக்கூடிய தூரம் 80 கி.மீ. அளவுதான். அரை நாளைக்குக்கூட அது காணாது. ஆனால் 25 கி.மீ. தடத்தின் ஒரு நடைக்குச் செலவாவது சுமார் 38 யூனிட். முனையத்தில் உள்ள 450 கிலோவாட் சார்ஜர் நிமிடத்துக்கு ஏழரை யூனிட் கொடுக்கும். ஐந்து நிமிடத்தில் செலவானது திரும்ப வந்துவிடும்.

சார்ஜ் ஏற்றும் காட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். ஓட்டுநர் தரையில் உள்ள குறிக்கு நேராக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுகிறார். பேருந்தும் சார்ஜரும் கம்பியில்லாத் தொடர்பில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. மின்சார ரயிலின் கூரையில் இருப்பது போன்ற பேன்டோகிராஃப் என்ற மடக்குக் கை, கூரையிலிருந்து எழும்பி மேலே உள்ள பட்டைகளைத் தொடுகிறது. (ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இதற்கு நேர்மாறு: கை கம்பத்தில் இருக்கும், கீழே இறங்கிப் பேருந்தைத் தொடும்.) தொடும் இடங்கள் நான்கு. மின்சாரத்துக்கு இரண்டு, எர்த்துக்கு ஒன்று, சமிக்ஞைக்கு ஒன்று. நான்கும் சரியாகப் படிந்து, மின்கசிவு இல்லையென்று உறுதியான பிறகே மின்சாரம் பாயும். பேருந்து ஓரடி தள்ளி நின்றாலே பட்டை படியாமல் போகலாம். பின்வாங்கி, மறுபடி நிறுத்த வேண்டும்.

அந்த நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சிக்கலே. ஏழு நிமிட இடைவெளி உள்ள முனையத்துக்குப் பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், சார்ஜைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த நடையும் தாமதமாகும். ஒருமுறை குறைந்தால் பேட்டரி தாங்கும். நெரிசல் நேரத்தில் மூன்று நடை தொடர்ந்து குறைந்தால், சாயங்காலம் அந்தப் பேருந்தைத் தடத்திலிருந்து எடுத்தாக வேண்டும். ஒரு சார்ஜர் பழுதானாலோ அந்தத் தடத்துப் பேருந்துகள் அத்தனையும் மாட்டிக்கொள்ளும். முனையத்துக்கு மின் இணைப்பு வாங்குவதும் லேசல்ல. 450 கிலோவாட் என்பது ஒன்றரை கிலோவாட் ஏ.சி. 300-ஐ ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சமம். அதுவும் மின்தேவை கூடியிருக்கும் பகலில்.

சீனாவின் ஷென்ஜென் வேறு வழியில் போனது. 2017 முடிவதற்குள் அந்நகரின் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் மின்சாரத்துக்கு மாறின. பெரிய பேட்டரி, முக்கியமாகப் பணிமனையில் இரவுச் சார்ஜ் என்பதே அங்கு ஏற்பாடு. 12 மீட்டர் பேருந்து 200 கி.மீ. ஓடி 240 யூனிட் செலவழித்தால், 50 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் போதும். மெதுவாக ஏறுவதால் பேட்டரிக்கும் நோவு குறைவு. ஆனால் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆறேழு கிலோ எடை. 350 யூனிட் பேட்டரி என்றால் இரண்டு டன்னுக்கு மேல் கூரையிலோ அடியிலோ நாள் முழுக்க சுமக்க வேண்டும். அத்துடன் 100 பேருந்துகளை ஒரே நேரத்தில் செருகினால் 5,000 கிலோவாட் கேட்கும். அதனால் முதலில் கிளம்ப வேண்டியவற்றுக்கு முன்னுரிமை கொடுத்து, மற்றவற்றை நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றும் மென்பொருள் தேவைப்படுகிறது.

ஸ்கிபோலிலும் பணிமனைக்கு வேலை உண்டு. வேகச் சார்ஜர்கள் 23 என்றால், பணிமனையில் 30 கிலோவாட் சார்ஜர்கள் 84. அவ்வப்போது நிதானமாக முழுதாக ஏற்றினால்தான் பேட்டரியின் செல்கள் ஒரே மட்டத்துக்கு வரும்.

சென்னை தேர்ந்தெடுத்தது பணிமனையை. 2025 ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை ஓடவிட்டது. அங்கே ஏற்றிக்கொண்ட வண்டியை எந்தத் தடத்துக்கும் மாற்றி அனுப்பலாம். முனையச் சார்ஜர் என்றால் அந்தத் தடத்தோடு கட்டிப்போட்டதாகிவிடும். நெரிசலில் வண்டி எப்போது முனையம் சேரும் என்று சொல்ல முடியாத ஊருக்கு இது சரியான முடிவு. முனையச் சார்ஜ் பொருந்த வேண்டுமென்றால், தனிப்பாதையில் ஓடி, குறித்த நேரத்துக்கு வந்து சேரும் ஒரு தடம் முதலில் வேண்டும்.