பால், தண்ணீர் கேன், டிபன்... எழுதி வைக்காத மாதக் கணக்கை எப்படி முடிப்பது?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வீடு வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் சில மாதங்கள் தங்கிவிட்டுக் கிளம்புபவர்கள். குடிவந்த அன்றே வீட்டுக்காரர் போனை எடுப்பார். "பால் போட ஒருத்தர் இருக்காரு, சொல்லிடறேன். தண்ணி கேன் பையன் நாளைக்கு வருவான். டிபன் வேணும்னா பக்கத்துத் தெரு அக்காகிட்ட பேசிக்குங்க." அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, ரசீது இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் பால் வந்துவிடும்.

தொடங்குவது இவ்வளவு சுலபம். கிளம்பும்போதுதான் சிக்கல். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? கேனுக்குக் கொடுத்த டெபாசிட் திரும்ப வருமா? மாதத் தொடக்கத்திலேயே கட்டிய டிபன் பணம் என்ன ஆகும்? ஒன்றுமே எழுதாத இடத்தில் யார் சொல்வது கணக்கு?

எழுதவில்லை என்றால் ஒப்பந்தமே இல்லையா?

இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்மொழியாக இருக்கலாம், இரு தரப்பும் நடந்துகொள்ளும் விதத்திலிருந்தும் உருவாகலாம். அவர் தினமும் பால் ஊற்றுகிறார், நீங்கள் மாதக் கடைசியில் பணம் தருகிறீர்கள் என்றால், அந்த நடத்தையே ஒப்பந்தம்.

ஆனால், எத்தனை நாள் முன்னால் சொல்லி நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இதற்கு எண் வைக்கவில்லை. "ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று அவர் சொன்னாலும் சரி, "இப்பவே நிறுத்துங்க" என்று நீங்கள் சொன்னாலும் சரி, முதலில் அப்படிப் பேசியிருக்காவிட்டால் அது நியாயமா என்றுதான் பார்க்க வேண்டும். உங்களுக்காக அவர் அடுத்த சரக்கை வாங்கும் முன் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்கு நல்ல அளவுகோல். பாலுக்கும் தண்ணீருக்கும் இரண்டு மூன்று நாள் போதும். மாதக் கணக்கில் ஆள் எண்ணிச் சமைக்கும் டிபனுக்கு ஒரு வாரம் தருவது நல்லது.

யார் பணம் யாரிடம் இருக்கிறது?

மூன்றும் ஒரே மாதிரி 'மாத வாடிக்கை' போலத் தெரியும். உண்மையில் பணம் நிற்கும் இடம் வேறு வேறு. பாலில், குடித்த பிறகு பணம் தருகிறீர்கள். எனவே அவர் பணம் உங்களிடம் இருக்கிறது. டிபனில், முதல் தேதியே கட்டிவிடுகிறீர்கள். உங்கள் பணம் அவரிடம் இருக்கிறது. தண்ணீர் கேனில் இரண்டும் உண்டு. உங்கள் டெபாசிட் அவரிடம், அவருடைய கேன் உங்களிடம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்கம் சாலையை ஒட்டிய தெருவில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு ஐடி ஊழியர். 30 நாள் உள்ள மாதத்தில் 18-ஆம் தேதியோடு வீட்டைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தெரு விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பால்: தகராறு நாள் கணக்கில்தான்

தினமும் அரை லிட்டர், 30 ரூபாய். 18 நாளில் ஒரு நாள் பௌர்ணமி. ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையே கிரிவலப் பாதை என்பதால், கூட்டத்திலும் வாகனக் கட்டுப்பாட்டிலும் அன்று பால்காரரால் வர முடியவில்லை. இரண்டு நாள் இவர் ஊருக்குப் போயிருந்தார். நண்பர்கள் வந்ததால் இரண்டு நாள் கூடுதலாக அரை லிட்டர் வாங்கினார். இவர் கணக்குப்படி 15 நாளுக்கு 450, கூடுதல் பாலுக்கு 60, மொத்தம் 510 ரூபாய்.

பால்காரர் நோட்டில் 570 இருக்கிறது. பௌர்ணமியை அவரே கழித்துவிட்டார். ஊருக்குப் போன இரண்டு நாள்தான் பிரச்சினை. முந்தின நாளே "ரெண்டு நாள் வேண்டாம்ணா" என்று சொல்லியிருந்தால் அந்த 60 ரூபாயைத் தர வேண்டியதில்லை. சொல்லாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போய், அவர் வந்து திரும்பியிருந்தால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாலை உடனே டீக்கடைக்கு ஊற்றியிருந்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. ஊற்ற முடியாமல் போயிருந்தால் நஷ்டம்தான்.

அவர் நோட்டில் எழுதியிருப்பதாலேயே அது முடிந்த முடிவா? இல்லை. வழக்கமாக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் ஆதாரமாகப் பார்க்கும். ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. அதனால்தான் உங்கள் சமையலறை காலண்டர் முக்கியம். பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கிய நாளில் '+½'. மாதக் கடைசியில் நோட்டையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தகராறு ஓரிரு நாளுக்குச் சுருங்கிவிடும்.

இன்னொரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாளியிடம் நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. ஆனால் காலையில் பால் போடும் பையனுக்குத் தகவல் போகவில்லை, பால் வந்துவிட்டது. அதை எடுத்துக் காய்ச்சிக் குடித்துவிட்டால், அதற்குப் பணம் தர வேண்டும். ஒருவர் இலவசமாகக் கொடுக்க நினைக்காத பொருளின் பலனை அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. வேண்டாம் என்றால் தொடாமல், அப்போதே போன் செய்து திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

கேன்: டெபாசிட்டா, விலையா?

இவரிடம் 20 லிட்டர் கேன் இரண்டு. வாங்கும்போது கேனுக்கு 150 வீதம் 300 ரூபாய் கொடுத்தார். இந்த மாதம் எடுத்த ஆறு கேன் தண்ணீருக்கு 35 வீதம் 210 ரூபாய் பாக்கி. கேன்களைத் திருப்பிக் கொடுத்தால் 90 ரூபாய் இவருக்கு வர வேண்டும்.

இங்கே அடிக்கடி கேட்கும் பதில்: "டெபாசிட்லாம் திரும்ப வராது சார், அது கேனோட விலை." சரி, அது விலை என்றால் கேன் உங்களுடையது, அவர் அதைக் கேட்கக் கூடாது. காலி கேனைக் கொண்டு வரச் சொல்கிறார் என்றால் அது டெபாசிட். பணத்தைத் தர வேண்டும். கேனும் எனக்கு, பணமும் எனக்கு என்பது மட்டும் நடக்காது. இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். "அண்ணா, கேன் உங்களுதா, என்னுதா?" என்று ஒரு கேள்வி போதும்.

உங்கள் கையால் விழுந்து கேன் விரிசல் விட்டிருந்தால் அதற்குக் கழிப்பது நியாயம். பழசாகி நிறம் மங்கியதற்குக் கழிப்பது நியாயமில்லை. கேன் போடும் பையன்கள் அடிக்கடி மாறுவார்கள் என்பதால், டெபாசிட் பேச்சை ஏஜென்சி நடத்துபவரிடமே வையுங்கள். கேனைக் கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

டிபன்: மீதி 12 நாள் பணம்

இரவு டிபனுக்கு மாதம் 3,000 ரூபாய், முதல் தேதியே கட்டியாகிவிட்டது. 18 நாள் சாப்பிட்டார். நாளுக்கு 100 என்றால் மீதி 1,200 ரூபாய் வர வேண்டும்.

டிபன் அக்காவின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கலாம். தனியாக வாங்கினால் ஒரு டிபன் 120, மாதம் முழுக்க என்பதால்தான் 100. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார் என்றால், 18 நாளை 120-ஆல் பெருக்கி 2,160 எடுத்துக்கொண்டு 840 ரூபாயைத் திருப்பித் தருவது சரியான கணக்கு. சொல்லவே இல்லை, கடைசி நாளில்தான் 120 என்ற விலையே வருகிறது என்றால் 1,200-தான் கணக்கு.

"பாதியில நிறுத்தினா பணம் திரும்பக் கிடையாது" என்பது முன்கூட்டிப் பேசப்படாத நிபந்தனை. ஒப்பந்தத்தை மீறியதால் உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் ஈடு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு. அந்த நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்ததா என்றும் அது பார்க்கச் சொல்கிறது. 18-ஆம் தேதி இரவு திடீரென்று சொன்னால், மறுநாளுக்கு மாவு அரைத்து, காய் வாங்கி வைத்திருப்பார். ஒரு நாள் பணத்தை அவர் கழிக்கலாம். 12 நாளையும் கழிக்க முடியாது. வெளிநாட்டவர் நிறைய வரும் குளிர்கால சீசனில் உங்கள் இடத்துக்கு அவருக்கு வேறு ஆள் சீக்கிரம் கிடைத்துவிடும். வெயில் காலத்தில் கிடைப்பது கஷ்டம். அப்போது இரண்டு மூன்று நாள் கூடுதலாக விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை. கேரியரைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம். கணக்கு இழுப்பது பல நேரம் அங்கேதான்.

எப்படிச் சொல்வது?

நேரில் சொல்லுங்கள், பிறகு மெசேஜ் அனுப்புங்கள். மெசேஜ் மட்டும் போட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். நேரில் மட்டும் சொன்னால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

"அண்ணா, வீடு காலி பண்றோம். 18-ஆம் தேதி காலையோட பால் போதும். 17 சாயங்காலம் வந்தீங்கன்னா கணக்கு பார்த்துடலாம்."

"ஏன் தம்பி, பால் சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லண்ணா, ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க."

அன்று இரவே வாட்ஸ்ஆப்பில்: 'அண்ணா, பேசினபடி 18-ஆம் தேதி பால்தான் கடைசி. 15 நாள் 450, கூடுதல் 60, மொத்தம் 510.' பணத்தை ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் 'பால் 18 வரை, கணக்கு முடிந்தது' என்று போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அவர் நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக 'தீர்ந்தது' என்று எழுதச் சொல்லி ஒரு போட்டோ. வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாக்கி கேட்டு அவரிடமோ அடுத்து குடிவருபவரிடமோ போய் நிற்பார்கள். அவர்கள் அதைத் தர வேண்டியதில்லை.

பணம் தர மறுத்தால்?

முதலில் அறிமுகம் செய்த வீட்டுக்காரரை வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடியும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஊர் மாறிவிட்டாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்போது நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஆனால் 90 ரூபாய்க்காக அலைவதா, 1,200 ரூபாய்க்காக அலைவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது இரு பக்கமும் வெட்டும். நீங்கள் 510 ரூபாய் தராமல் பஸ் ஏறிவிட்டால், அந்தப் பாலுக்கான பணத்தைக் கேட்டு சிவில் வழக்குப் போட அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அவர் போடமாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் 17-ஆம் தேதி சாயங்காலம் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள். பத்து நிமிஷ வேலை.