சக்சஸ், சக்ஸீட், சக்சஸ்ஃபுல்: எங்கே எது?

“படம் சக்சஸ் ஆயிடுச்சு.” “இந்தத் தடவை சக்சஸ் பண்ணிக் காட்டுறேன்.” “அவரு சக்சஸான ஆளு.” மூன்றுமே நாம் தினமும் பேசுவதுதான். ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வாக்கியத்திலும் மூன்று வேலை செய்கிறது. தமிழ்ப் பேச்சாக இவற்றில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இதே பழக்கத்தோடு ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது, “ஐ வில் சக்சஸ்” என்றும் “ஹி இஸ் சக்சஸ்” என்றும் கை தானாக எழுதிவிடுகிறது. படிப்பில் கெட்டிக்காரர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அறியாமையால் அல்ல, தமிழ் பேசிப் பழகிய வழியால்.

தமிழ் ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் வேறொன்றைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் வேலையை மாற்றுகிறது. ‘அமைதி’யைப் பாருங்கள். அமைதியான ஊர், அமைதியாக இருந்தான், மனம் அமைதி அடைந்தது. ‘அமைதி’ கடைசிவரை அமைதியாகவே இருக்கிறது. ‘ஆன’, ‘ஆக’, ‘அடைந்தது’ ஆகியவைதான் ஓடியாடி வேலை செய்கின்றன. நம் பேச்சுக்குள் வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்துவிட்டோம். ‘பண்ணு’ சேர்த்தால் வினை, ‘ஆன’ சேர்த்தால் பெயரடை. வந்த சொல்லின் வடிவம் எதுவாக இருந்தாலும் தமிழுக்குக் கவலையில்லை. ‘டிஸ்கஸ் பண்ணலாம்’, ‘டிஸ்கஷன் பண்ணலாம்’ இரண்டையும் சொல்கிறோம். யாருக்கும் காது உறுத்துவதில்லை.

ஆங்கிலத்தில் அந்தப் ‘பண்ணு’வும் ‘ஆன’வும் கிடையாது. அவை செய்யும் வேலையைச் சொல்லே தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு செய்தாக வேண்டும். வெற்றி என்ற பெயருக்கு சக்சஸ். வெற்றி பெறுவது என்ற வினைக்கு சக்ஸீட். வெற்றி பெற்ற என்ற பெயரடைக்கு சக்சஸ்ஃபுல். வெற்றிகரமாக என்ற வினையடைக்கு சக்சஸ்ஃபுலி. “ஐ ஆம் டென்ஷன்”, “ஐ ஆம் இன்ட்ரஸ்ட் இன் கிரிக்கெட்” போன்ற வாக்கியங்கள் பிறப்பதும் இங்கேதான். ‘டென்ஷன் ஆயிட்டேன்’, ‘எனக்கு கிரிக்கெட்ல இன்ட்ரஸ்ட்’ என்ற நல்ல தமிழ் வாக்கியங்களிலிருந்து தமிழ் உறுப்புகளை மட்டும் கழற்றிவிட்டு, பெயர்ச்சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குள் நட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அங்கே ‘டென்ஸ்’ என்றும் ‘இன்ட்ரஸ்டட்’ என்றும் பெயரடையைக் கேட்கிறது.

கல்லூரி முடித்த ஒருவர் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் நான்கு வாக்கியங்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“மை ப்ராஜெக்ட் வாஸ் சக்சஸ். ஐ சக்சஸ் இன் ரெட்யூஸ் த காஸ்ட். ஐ கம்ப்ளீட்டட் த ட்ரெய்னிங் சக்சஸ்ஃபுல். ஐ வான்ட் டு சக்சஸ் இன் யுவர் கம்பெனி.”

கணினியில் தட்டச்சு செய்தால் எழுத்துப்பிழைக்கான சிவப்புக் கோடு ஒரு சொல்லின் கீழும் விழாது. எல்லாமே அகராதியில் இருக்கும் சொற்கள், எழுத்துக்கூட்டலும் சரி. சொல் சரி, அது நிற்கும் இடம்தான் தவறு. ஆகவே சொல்லை விட்டுவிட்டு இடத்தைப் பார்க்க வேண்டும். சந்தேகமான சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படிப்பது நல்ல வழி.

முதல் வாக்கியத்தில் ‘வாஸ்’ என்பதற்குப் பிறகு காலி இடம். ப்ராஜெக்ட் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டிய இடம் இது. இங்கே பெயரடை வரலாம்: “மை ப்ராஜெக்ட் வாஸ் சக்சஸ்ஃபுல்.” பெயர்ச்சொல்லும் வரலாம், ஆனால் அதற்கு முன்னால் ‘எ’ என்ற சின்னச் சொல் வேண்டும்: “மை ப்ராஜெக்ட் வாஸ் எ சக்சஸ்.” வெற்றி என்று பொதுவாகப் பேசும்போது சக்சஸ் எண்ண முடியாத பெயர், அப்போது ‘எ’ வராது. குறிப்பிட்ட ஒரு படமோ விழாவோ முயற்சியோ ஒரு வெற்றி என்று சுட்டும்போது அது எண்ணக்கூடியதாகி ‘எ’யைக் கேட்கிறது. நம் விண்ணப்பக்காரர் எழுதிய வாக்கியம் சரியான வாக்கியத்துக்கு ஓரெழுத்துத் தூரத்தில்தான் இருந்தது.

இரண்டாவதில் ‘ஐ’ என்ற எழுவாய் இருக்கிறது, அது என்ன செய்தது என்று சொல்ல வினை இல்லை. முழு வாக்கியத்திலும் தேடிப் பார்த்தால் வினை போலத் தோன்றுவது ‘ரெட்யூஸ்’ ஒன்றுதான். அதுவோ ‘இன்’ என்பதற்குப் பின்னால் நிற்கிறது. ‘இன்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ போன்றவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ, வினையைப் பெயராக்கிய ‘இங்’ வடிவமோதான் வரும். ஆக, சக்சஸ் இருந்த இடத்துக்கு வினை வர வேண்டும், ரெட்யூஸ் இருந்த இடத்துக்குப் பெயர் வர வேண்டும்: “ஐ சக்ஸீடட் இன் ரெட்யூசிங் த காஸ்ட்.” இதையே “சக்ஸீடட் டு ரெட்யூஸ்” என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் பிழை. சக்ஸீட் என்ற வினை இந்தப் பொருளில் ‘இன்’னைத்தான் கூட்டிக்கொண்டு வரும். ‘டு’ வேண்டும் என்றால் மேனேஜ் என்ற வினையைப் பயன்படுத்தி “மேனேஜ்டு டு ரெட்யூஸ்” என்று எழுதலாம்.

மூன்றாவது எளிது. பயிற்சியை எப்படி முடித்தார்? வெற்றிகரமாக. தமிழில் ‘ஆக’ வருகிறது என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘லி’ வரும்: சக்சஸ்ஃபுலி.

நான்காவது வாக்கியத்தில் உள்ள ‘டு’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். ‘டு’வுக்குப் பின்னால் வினை வரும் என்று பள்ளியில் படித்தது நினைவிருப்பவர்கள் “ஐ வான்ட் டு சக்ஸீட்” என்று சரியாகத் திருத்திவிடுவார்கள். அதே விதியை நம்பி “த கீ டு சக்ஸீட்” என்றும் எழுதிவிடுவார்கள். அது தவறு, அங்கே சக்சஸ்தான் வர வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு. ஒன்று வினைக்கு முன்னால் வருவது, மற்றொன்று பெயருக்கு முன்னால் வருவது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர்களிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே உருவில் இருப்பது தமிழில் தனித்தனியாக நிற்கிறது. வெற்றி பெற விரும்புகிறேன், வெற்றிக்கு வழி. ‘பெற’, ‘செய்ய’, ‘வாங்க’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் வினை: டு சக்ஸீட். ‘க்கு’ என்று நான்காம் வேற்றுமையில் முடிந்தால் ஆங்கிலத்தில் பெயர்: டு சக்சஸ். ஆங்கிலத்தில் தடுமாற வைத்த அதே தாய்மொழி இங்கே கைகொடுக்கிறது. பள்ளியில் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

இந்தச் சோதனைக்கும் எல்லை இருக்கிறது. “லுக்கிங் ஃபார்வர்டு டு” என்று கடிதத்தின் கடைசியில் எழுதுகிறோமே, அதைத் தமிழில் ‘சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்றும் சொல்லலாம், ‘சந்திப்புக்குக் காத்திருக்கிறேன்’ என்றும் சொல்லலாம். தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் சோதனை கைவிட்டுவிடும். ஆங்கிலம் அங்கே பெயரை மட்டுமே ஏற்கும்: “டு மீட்டிங் யூ.” இப்படிப்பட்ட சில தொடர்களை முழுசாக மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இடம் எது என்று கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்துக்கான வடிவம் எது என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஒரே விதி கிடையாது. ஹெல்ப், வொர்க், ஆர்டர், ரிப்போர்ட் போன்ற சொற்களில் பெயரும் வினையும் ஒன்றே. இவற்றைப் பார்த்துப் பழகியவர் எல்லாச் சொற்களும் இப்படித்தான் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. வேறு சிலவற்றில் கடைசி ஒலி மட்டும் மாறும். அறிவுரை என்ற பெயரான அட்வைஸின் முடிவில் ‘சி’ எழுத்து, அதன் ஒலி நம் ‘ஸ்’. அறிவுரை சொல்வது என்ற வினையில் ‘எஸ்’ எழுத்து, அதன் ஒலி ஈ பறக்கும்போது கேட்பது போன்ற அதிரும் ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டையும் அட்வைஸ் என்றுதான் எழுத முடிகிறது. கண்ணும் காதும் வித்தியாசம் காட்டாததால் “ஹி அட்வைஸ்டு மீ” என்று சொல்லும்போது சரியாக இருப்பது, எழுதும்போது ‘சி’ போட்டுத் தவறாகிவிடுகிறது. ப்ரூஃப், ப்ரூவ், பிலீஃப், பிலீவ் ஆகிய ஜோடிகளிலும் இதே போக்குதான்: பெயரில் ‘எஃப்’, வினையில் அதிரும் ‘வி’. இவற்றில் ‘ஃப்’பையும் ‘வ்’வையும் தமிழில் பிரித்து எழுத முடிவதால் பிழை குறைவு.

சக்ஸீட், சக்சஸ் போல முழு வடிவமும் மாறுபவை லத்தீனிலிருந்து வந்த குடும்பங்கள். அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது அந்தப் பக்கத்தில் அதன் மேலும் கீழும் உள்ள உறவுச் சொற்களையும் சேர்த்துப் படிப்பது இதனால்தான் பயன் தரும். ஆங்கிலத் தேர்வு நடத்துபவர்களும் இதைத்தான் சோதிக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் அடங்கிய தாளின் 3-ஆம் பகுதி முழுக்க இதற்கே. ஒரு சிறு கட்டுரையில் 8 காலி இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலச்சொல் தந்திருப்பார்கள், அதன் சரியான வடிவத்தை எழுத வேண்டும். பெயரா பெயரடையா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதுபவர்கள் அங்கே மாட்டிக்கொள்வதுண்டு. வாக்கியத்தின் பொருள் தோல்வியைச் சொன்னால் சக்சஸ்ஃபுல் போதாது, அன்சக்சஸ்ஃபுல் என்று எதிர்மறையாக எழுத வேண்டியிருக்கும்.

சக்சஸ் குடும்பத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. எக்ஸீட், எக்சஸ், எக்ஸசிவ் என்று பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒழுங்காகப் போவதைப் பார்த்து, சக்ஸீட், சக்சஸ், சக்ஸசிவ் என்று எழுதிவிடத் தோன்றும். சக்ஸசிவ் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் ஆபத்து. சக்ஸீட் என்ற வினைக்கு இரண்டு பொருள்: வெற்றி பெறுவது ஒன்று, ஒருவருக்கு அடுத்து வருவது மற்றொன்று. மூலமான லத்தீன் வினையில் அடுத்து வருதல் என்ற பொருள் இருந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் 1556-இல் அக்பர் ஹுமாயூனை ‘சக்ஸீட்’ செய்தார் என்று படித்தால், மகன் தந்தையை வென்றார் என்று பொருளல்ல; அவருக்குப் பின் அரியணை ஏறினார் என்றுதான் பொருள். வெற்றிப் பொருளிலிருந்து சக்சஸும் சக்சஸ்ஃபுல்லும் கிளைத்தன. அடுத்து வரும் பொருளுக்கு சக்ஸெஷன், சக்ஸெஸர், சக்ஸசிவ் ஆகியவை. ஒரு அணி “த்ரீ சக்ஸசிவ் டிஃபீட்ஸ்” கண்டது என்று செய்தியில் வந்தால், அந்த அணி எதையும் வெல்லவில்லை. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றிருக்கிறது.