‘காத்திருங்கள்’ என்ற சொல்லுக்குப் பிறகு

1937 ஜூலை 2-ஆம் தேதி காலை 8 மணி 43 நிமிடம். பசிபிக் கடலின் நடுவே ஹௌலண்ட் என்ற குட்டித்தீவை ஒட்டி, அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ‘இட்டாஸ்கா’ கப்பல் நின்றிருந்தது. அதன் வானொலி அறையில் அமீலியா இயர்ஹார்ட்டின் குரல் பலமாகக் கேட்டது. 157 - 337 கோட்டில் இருக்கிறோம், இந்தச் செய்தியை 6210 அலைவரிசையில் திரும்பச் சொல்கிறோம், காத்திருங்கள் என்றார். கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறக்கிறோம் என்றும் ஒரு வரி பதிவேட்டில் இருக்கிறது. அதன் பிறகு அந்தக் குரலை இட்டாஸ்கா கேட்கவே இல்லை.

உலகைச் சுற்றி வரக் கிளம்பிய இயர்ஹார்ட், கராச்சி, கல்கத்தா வழியாக நியூ கினியாவின் லே நகரம் வரை வந்திருந்தார். அங்கிருந்து ஹௌலண்ட் ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். வழி கணிக்க பிரெட் நூனன் உடன் இருந்தார். விமானம் என்ன ஆனது என்பதைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கப்பலின் தலைவர் வார்னர் தாம்ப்சன் முன்னால் இருந்த வேலைதான். விடியற்காலையிலிருந்து துண்டு துண்டாக வந்த செய்திகள் கையில் இருக்கின்றன. கடைசிச் செய்தி பாதியில் நிற்கிறது. இவற்றைச் சுருக்கி நான்கு வரித் தந்தியாக மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கப்பலை எங்கே அனுப்புவது என்பதைத் தந்தியைப் படிப்பவர்கள்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவுக்குப் போன சுருக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: 7:42-க்கு அரை மணி நேர எரிபொருள்தான் இருப்பதாகவும் தரை தென்படவில்லை என்றும் தெரிவித்தார், இருப்பிடம் சந்தேகம். 6:46-க்குக் கப்பலிலிருந்து சுமார் நூறு மைலில் இருப்பதாகச் சொன்னார், எந்தத் திசையில் என்று தெரியவில்லை. 8:43-க்கு 157 - 337 கோட்டைச் சொன்னார், எந்தப் புள்ளியை வைத்து என்று சொல்லவில்லை, ஹௌலண்டாக இருக்கலாம் என்று ஊகம், இருப்பிடம் சந்தேகம்.

கடைசிச் செய்தியைப் பொறுத்தவரை தாம்ப்சன் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். 157 - 337 என்பது திசை காட்டும் இரண்டு எண்கள். வடக்கு-வடமேற்கிலிருந்து தெற்கு-தென்கிழக்காக ஓடும் ஒரு கோடு. ஆனால் அந்தக் கோடு எந்த இடத்தின் வழியாகப் போகிறது என்று தெரிந்தால்தான் அதைக் கடற்படத்தில் வரைய முடியும். அது செய்தியில் இல்லை. ஹௌலண்ட் வழியாகத்தான் போகும் என்று நினைப்பது இயல்பு. தாம்ப்சனும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அதை இயர்ஹார்ட் சொன்னதாக எழுதாமல், தன் ஊகம் என்று பிரித்து எழுதினார். படிப்பவர் ஊகத்தை ஏற்கலாம், தள்ளலாம். சொன்னது எது, சேர்த்தது எது என்பதாவது தெரியும்.

சறுக்கியது 7:42-இல்தான். அந்தச் செய்தியை வானொலி அறையில் இரண்டு பேர் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதினார்கள். கேல்டன் எழுதியது: உங்களுக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைக் காண முடியவில்லை, எரிபொருள் குறைந்துகொண்டு வருகிறது. ஓஹேர் எழுதியது: எரிபொருள் தீர்ந்துவருகிறது, அரை மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது. குறைந்துகொண்டு வருகிறது என்பதற்கும் அரை மணி நேரம் என்பதற்கும் கடலில் நிறைய தூரம். தந்தியில் இரண்டாவது மட்டும் போனது. இன்னொரு பதிவு வேறு மாதிரி இருக்கிறது என்ற குறிப்பு இல்லை.

அந்தத் தந்தியை நிதானமாகப் படித்திருந்தால் உள்ளேயே முரண் தெரிந்திருக்கும். 7:42-க்கு அரை மணி நேர எரிபொருள் என்றால் 8:12-க்குத் தீர்ந்திருக்க வேண்டும். 8:43-க்கும் பறந்துகொண்டு பேசியிருக்கிறார். ஆகவே அரை மணி என்ற கணக்கை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியும், 9:15-க்குப் பிறகு விரைவிலேயே விழுந்திருக்கும் என்ற எண்ணம் அடுத்தடுத்த செய்திகளில் ஊன்றிவிட்டது. 10:40 வாக்கில் இட்டாஸ்கா வடமேற்கே தேடப் புறப்பட்டது. அந்தப் பக்கம் மேகம் அடர்ந்திருந்தது, மற்றப் பக்கம் வானம் தெளிவாக இருந்தது, தெளிந்த பக்கத்தில் வந்திருந்தால் கப்பலின் புகையைப் பார்த்திருப்பார்கள் என்பது காரணம். நியாயமான காரணம்தான், ஆனால் முழுக்க முழுக்க ஊகம்.

என்னைச் சுருக்கச் சொன்னால் இப்படி எழுதுவேன்:

‘6:46-க்குச் சுமார் நூறு மைல் என்றார். அதற்கு அரை மணி முன்பு சுமார் இருநூறு என்றார். அந்த வேகத்தில் இந்த விமானம் வழக்கமாகப் பறக்காது, ஆகவே இரண்டும் அவருடைய மதிப்பீடுகளாக இருக்க வேண்டும். 7:42 செய்தி இரு விதமாகப் பதிவாகியிருக்கிறது: எரிபொருள் குறைகிறது என்று ஒன்று, அரை மணிக்கே இருக்கிறது என்று மற்றொன்று. 8:43-க்குக் குரல் பலமாகக் கேட்டது. கோட்டின் திசையைச் சொன்னார், அது கடக்கும் புள்ளியைச் சொல்லவில்லை. 6210-க்கு மாறுவதாகச் சொல்லி, காத்திருக்கச் சொன்னார். 6210-இல் எதுவும் கேட்கவில்லை. விமானத்தின் நிலை தெரியாது.’

இதில் எல்லா வரியிலும் ‘இருக்கலாம்’ போடவில்லை. குரல் பலமாகக் கேட்டது என்பதிலும், 8:43 என்ற நேரத்திலும் சந்தேகம் இல்லை. அங்கேயும் தயங்கினால், எரிபொருள் கணக்கில் உள்ள உண்மையான தயக்கம் கூட்டத்தில் கரைந்துவிடும். ‘விழுந்தது’ என்ற சொல்லும் இல்லை. செய்தி நின்றது என்பது ஒன்று, விமானம் நின்றது என்பது வேறொன்று. வேறு அலைவரிசைக்கு மாறப்போவதாகச் சொன்னவரின் குரல் பழைய அலைவரிசையில் கேட்காமல் போவது, அந்த நிமிடத்தில் எதையும் நிரூபிக்காது. புதிய அலைவரிசையில் அவர் பேசவே இல்லையா, பேசியது கப்பலை எட்டவில்லையா என்பதைக் கப்பலில் இருந்தவர்களால் சொல்ல முடியாது.

மூன்று நாள் கழித்து இதே சிக்கல் இன்னும் மோசமான வடிவில் வந்தது. ஹவாயில், ஹொனலுலு பக்கத்திலுள்ள வைலுபே கடற்படை வானொலி நிலையத்தில் மூன்று பேர் மோர்ஸ் குறியீட்டில் தடுமாறி வந்த ஒரு செய்தியைச் சிதறல்களாகக் கேட்டார்கள். ‘281 வடக்கு ஹௌலண்ட்’, இயர்ஹார்ட்டின் அழைப்புக் குறியான KHAQQ, பிறகு வடக்குக்கு அப்பால் என்பது போல ஒன்று, அதிக நேரம் தாங்காது, நீருக்கு மேல், அணைக்கிறோம். இடையிடையே என்ன போனது என்று தெரியாது. அனுப்பியது இயர்ஹார்ட்தானா என்பதும் உறுதிப்படவில்லை.

அதை ஹௌலண்டுக்கு வடக்கே 281 மைல் என்று படித்தார்கள். ‘மைல்’ அதில் இல்லை. ‘ஹௌலண்டுக்கு வடக்கே’ என்பதா, ‘எங்களுக்கு வடக்கே ஹௌலண்ட்’ என்பதா என்று சொல்லும் இணைப்பும் இல்லை. இரண்டாவதாக இருந்தால் தேட வேண்டிய கடல் நேர் எதிர்ப்பக்கம். 281-க்கும் வடக்குக்கும் நடுவிலோ, வடக்குக்கும் ஹௌலண்டுக்கும் நடுவிலோ சொற்கள் விழுந்திருந்தால் இந்த இரண்டு வாசிப்புமே தவறு. துண்டுகளைத் துண்டுகளாகவே எழுதி, இடைவெளிகளில் புள்ளிகள் வைத்து, சாத்தியமான வாசிப்புகள் இவை என்று கீழே தனியாகக் குறித்திருந்தால், கப்பலை அனுப்புகிறவர் தான் பந்தயம் கட்டுவது தெரிந்தே கட்டியிருப்பார். இட்டாஸ்கா வடக்கே விரைந்தது. இரவில் தெரிந்த வெளிச்சங்களை அவசர ஒளிக்குண்டுகள் என்று முதலில் நம்பினார்கள், அவை எரிகற்கள் என்று பிறகு முடிவாயிற்று. அங்கே விமானம் இல்லை.