ஓர்க்: கொல்வதற்கென்றே ஓர் இனம்

எல்ஃப், குள்ளர், ஓர்க் என்ற மூன்று இனங்களும் ஐரோப்பிய நாட்டார் மரபில் ஆதிதொட்டு ஒன்றாகவே வாழ்ந்துவந்தவை போலத் தோன்றும். மாயப்புனைவு நாவல்களும் கணினி விளையாட்டுகளும் கட்டியெழுப்பிய தோற்றம் இது. மூன்றையும் ஒரே உலகத்துக் குடிகளாக நிலைநிறுத்தியது ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954-55).

மூன்றுக்கும் மரபு ஒரே அளவில் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. குள்ளர்களுக்கு நார்ஸ் மரபில் வலுவான வேர் உண்டு. 'வோலுஸ்பா' என்ற பழம்பாடலில் அவர்களுடைய பெயர்ப்பட்டியலே இருக்கிறது. கேண்டால்ஃப் என்ற பெயர்கூட அங்கிருந்து எடுத்ததுதான். எல்ஃபுகள் பழைய ஆங்கில மந்திரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் அம்பெய்து நோவு உண்டாக்குபவர்கள். சரி, ஓர்க்? 'பெயோவுல்ஃப்' காவியத்தில் காயீனின் வழிவந்த கொடிய பிறவிகளை அடுக்கும் இடத்தில் 'ஓர்க்நேயாஸ்' என்றொரு சொல் வருகிறது. பிணப்பேய் என்பதுபோலப் பொருள் கொள்கிறார்கள். அதே பட்டியலில்தான் எல்ஃபும் நிற்கிறது! இரண்டும் அங்கே ஒரே சாதி. ஒன்றை ஒளிபொருந்திய உயர்குடியாக்கி, மற்றதை இழிந்த கூட்டமாக்கிய பிரிவினை டோல்கீனுடையது. ஓர்க் என்ற சொல்லை ஒலிப்பொருத்தம் கருதி மட்டுமே எடுத்ததாக 1954இல் ஒரு கடிதத்தில் அவரே சொல்கிறார்.

ஆக, ஓர்க் கிட்டத்தட்ட வெற்றிடம். வெற்றிடத்தை எது நிரப்பும்? காலத்தின் இனவாதப் படிமங்கள் நிரப்பின. 1958இல் எழுதிய கடிதத்தில் ஓர்க்கின் முகத்தை அவர், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலிய சாயலின் சிதைந்த வடிவமாக விவரிக்கிறார். ஆனால் இன்னொரு சிக்கலும் அவரை விடவில்லை. அவருடைய கத்தோலிக்க நம்பிக்கைப்படி தீமையால் உயிரைப் படைக்க முடியாது, கெடுக்கத்தான் முடியும். அப்படியானால் ஓர்க்குக்கும் ஆன்மா உண்டா? உண்டென்றால் ஓர் இனம் முழுக்கவே மீட்சியற்றதாக எப்படி இருக்கும்? கெடுக்கப்பட்ட எல்ஃபா, மனிதனா, வெறும் விலங்கா என்று கடைசிவரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார், முடிவு கிடைக்கவில்லை.

இந்தத் தயக்கத்தைத் துடைத்தெறிந்தது 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு (1974). எல்ஃபும் குள்ளரும் ஆடுபவர் தேர்ந்துகொள்ளும் இனங்கள். ஓர்க் அரக்கர் பட்டியலில். கொன்னா புள்ளி கிடைக்கும். 1977இல் வந்த அரக்கர் கையேடு இனம் முழுவதற்கும் 'தீயது' என்று ஒரே குணத்தை அச்சிட்டது. நீதிக்கேள்வி விதியாகச் சுருங்கியது. அந்த விதி பிற விளையாட்டுகளுக்கும் பரவியது.

2002இல் 'வார்கிராஃப்ட் 3' ஓர்க்குகளுக்கு வரலாறும் அடிமைத்தளையும் விடுதலையும் கொடுத்தது. டஞ்ஜன்ஸின் 2024 ஆடுநர் கையேட்டில் ஓர்க்கும் தேர்ந்துகொள்ளக்கூடிய குடி. 'இனம்' என்ற சொல்லும் போய் 'உயிரினவகை' என்றாகிவிட்டது. சொல் மாறிய பிறகும் பிறப்போடு சில ஆற்றல்கள் ஒட்டியே வருகின்றன. பிறப்பு குணத்தைத் தீர்மானிக்காது என்று சொல்லிக்கொண்டே, எவற்றைப் பிறப்பின் கணக்கில் எழுதுகிறார்கள் என்றுதான் இனி இந்தப் பிரதிகளை வாசிக்க வேண்டும்.